பயாஸில் ஹார்ட் டிஸ்க் தெரியவில்லையா? பவர், கேபிள், போர்ட் என்ற வரிசையில் பார்க்கும் முறை

அம்பாசமுத்திரத்தில் டிடிபி, ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் என் மைத்துனர், சென்ற ஐப்பசியில் தம் கம்ப்யூட்டருக்குப் புதிதாக, மதர்போர்டிலேயே நேராகச் செருகும் ஓர் எம்.2 எஸ்எஸ்டி போட்டுக்கொண்டார். விண்டோஸ் மளமளவென்று திறப்பதைப் பார்த்து இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தவர், மூன்றாம் நாள் பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றைத் தேதி மட்டும் மாற்றித் தரச் சொல்லி ஆள் வந்தபோதுதான், நான்கு வருட வேலை அத்தனையும் இருந்த 1 டிபி ஹார்ட் டிஸ்க் கம்ப்யூட்டரில் எங்குமே தெரியவில்லை என்பதைக் கவனித்தார். எஸ்எஸ்டி மாட்டிக் கொடுத்தவரிடம் போனில் கேட்டதற்கு, "டிஸ்க் போயிட்டு அண்ணாச்சி, புதுசு ஒண்ணு போட்டிருங்க" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

அந்த வார்த்தையை நம்பி நாலாயிரத்துச் சொச்சம் ரூபாய்க்குப் புது டிஸ்க் ஒன்றை வாங்கிக்கொண்டு, பாளையங்கோட்டையிலிருந்து பஸ் ஏறிப்போய், பழையதைக் கழற்றிவிட்டு அதே கேபிளில் அதே இடத்தில் மாட்டினேன். விண்டோஸ் திறக்குமுன் கம்ப்யூட்டர் தன் பாகங்களைத் தேடிப் பட்டியலிடும் பயாஸில் புது டிஸ்க்கும் தெரியவில்லை. பெட்டி பிரித்த சரக்கைக் கடையில் திரும்ப எடுத்துக்கொள்ளவும் இல்லை. பழைய டிஸ்க் எந்தக் குறையும் இல்லாமல்தான் இருந்தது என்று தெரிவதற்கு இன்னொரு ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. அந்த அலைச்சலும் செலவும் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காக, நான் முதலிலேயே செய்திருக்க வேண்டிய வரிசையை இங்கே எழுதுகிறேன். மேசைக் கம்ப்யூட்டரில், சாட்டா என்ற வகைக் கேபிளால் மதர்போர்டோடு இணையும் ஹார்ட் டிஸ்க்குக்காக எழுதியது இது. சாட்டா எஸ்எஸ்டிக்கும் பெரும்பகுதி பொருந்தும்; லேப்டாப்புக்குப் பொருந்தாது.

தொடங்குமுன் ஓர் எச்சரிக்கை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வந்த வெள்ளத்தைப் போல ஒன்றில் நனைந்த டிஸ்க்காக இருந்தால், காய்ந்துவிட்டது என்று நினைத்து அதற்குப் பவர் கொடுத்துப் பார்க்காதீர்கள். கீழே உள்ள எதுவும் அதற்குரியது அன்று. உள்ளே இருக்கும் தரவு வேண்டுமென்றால், அதை அப்படியே தரவு மீட்பு செய்பவரிடம்தான் கொண்டுபோக வேண்டும்.

1. உண்மையிலேயே பயாஸில் இல்லையா என்று உறுதி செய்யுங்கள்

கம்ப்யூட்டரை ஆன் செய்தவுடன் Del அல்லது F2 விசையை விட்டுவிட்டுத் தட்டினால் பெரும்பாலான மதர்போர்டுகளில் பயாஸ் திறக்கும். சில கம்பெனிக் கம்ப்யூட்டர்களில் F10 அல்லது F1 ஆக இருக்கும். உள்ளே போனதும் பலர் நேராக Boot என்ற பக்கத்தைப் பார்த்துவிட்டு, டிஸ்க் இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். முதல் தவறு இதுதான். Boot பட்டியல், கம்ப்யூட்டர் எதிலிருந்து கிளம்பலாம் என்பதைக் காட்டுவது. விண்டோஸ் இல்லாத, வெறும் கோப்புகள் மட்டும் உள்ள டிஸ்க் அதில் வராமலே இருக்கலாம். நீங்கள் பார்க்க வேண்டியது SATA Configuration அல்லது Storage என்ற பெயரில் உள்ள பக்கம். அதில் ஒவ்வொரு போர்ட்டுக்கும் நேரே டிஸ்க்கின் மாடல் பெயர் இருக்கும். ஒன்றும் இல்லாத இடத்தில் Not Present என்றோ Empty என்றோ இருக்கும்.

அந்தப் பக்கத்தில் டிஸ்க்கின் பெயர் இருந்து, விண்டோஸில் மட்டும் காணவில்லை என்றால் பவரும் கேபிளும் போர்ட்டும் வேலை செய்கின்றன என்று வைத்துக்கொண்டு, Disk Management பக்கம் தேடப் போகலாம். கேபினெட்டைத் திறக்க வேண்டியதில்லை. பெயர் இல்லை என்றால் அடுத்து ஒரு சிறு சோதனை: பயாஸில் இருந்தபடியே Ctrl, Alt, Del மூன்றையும் அழுத்தி மறுபடி கிளம்பச் செய்து மீண்டும் பாருங்கள். முதல் தடவை தெரியாமல் இரண்டாம் தடவை தெரிகிறது என்றால், பயாஸ் தேடும் நேரத்துக்குள் டிஸ்க் சுழன்று தயாராகவில்லை என்று பொருள். பவர் பலவீனமாக வருகிறது, அல்லது டிஸ்க்குக்கு வயதாகிவிட்டது. எதுவானாலும் அப்படித் தெரிந்த அந்த நேரத்திலேயே முக்கியமான கோப்புகளை வேறிடத்துக்கு நகல் எடுத்துவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள்.

2. கையில் எடுத்து வைக்க வேண்டியவை

டிஸ்க் வாங்கிய பில், பாகங்களுக்கெல்லாம் பவர் தரும் எஸ்எம்பிஎஸ்ஸும் மதர்போர்டும் வாங்கிய பில், மதர்போர்டின் கையேடு ஆகிய மூன்றையும் தேடி எடுங்கள். பில் இருந்தால்தான் பிறகு வாரண்டி கேட்க முடியும். கையேடு எதற்கு என்பது போர்ட் பகுதியில் விளங்கும். அச்சிட்ட கையேடு தொலைந்திருந்தால் மதர்போர்டின் மாடல் பெயரைக் கொண்டு அதன் தயாரிப்பாளர் தளத்தில் பிடிஎஃப் ஆக இறக்கிக்கொள்ளலாம். மாடல் பெயர் போர்டின் மேலேயே பெரிய எழுத்தில் அச்சாகியிருக்கும். விண்டோஸ் வேறொரு டிஸ்க்கிலிருந்து ஓடுகிறது என்றால் பவர்ஷெல்லில் இதை அடித்தும் பார்க்கலாம்:

```
Get-CimInstance Win32_BaseBoard | Select Manufacturer, Product
```

வாரண்டிக் காலத்தில் உள்ள கம்பெனிக் கம்ப்யூட்டராக இருந்து, கேபினெட் திருகின் மேல் சீல் ஒட்டியிருந்தால் அதைக் கிழிக்காமல் அவர்களையே கூப்பிடுங்கள். மற்றபடி வேண்டியவை ஒரு ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், டார்ச், செல்போன், புதிய சாட்டா டேட்டா கேபிள் ஒன்று. கேபிளுக்குத் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் எனக்கு 80 ரூபாய் ஆயிற்று. வேகம் அதிகம் என்று சொல்லி அதிக விலைக் கேபிளைத் தலையில் கட்டுவார்கள். நல்ல நிலையில் உள்ள எந்த சாதாரணக் கேபிளும் இந்த வேலைக்குப் போதும்.

இன்னொரு கருவி பலருடைய கேபினெட்டிலேயே தூங்கிக்கொண்டிருக்கிறது: பழைய டிவிடி டிரைவ். அதுவும் சாட்டா வகையாக இருந்தால், ஹார்ட் டிஸ்க்குக்கு உரிய அதே பவர் முனையும் அதே டேட்டா கேபிளும்தான் அதற்கும். பயாஸில் அதன் பெயர் தெரிகிறது என்றால், வேலை செய்கிற ஒரு கேபிளும் ஒரு போர்ட்டும் ஒரு பவர் முனையும் ஏற்கனவே உங்களிடம் இருக்கின்றன. நான் புது டிஸ்க் வாங்குவதற்கு முன் இதை யோசித்திருக்கலாம்.

எதையும் பிடுங்குமுன் ஒரு போட்டோ எடுங்கள். எந்தக் கேபிள் எந்தப் போர்ட்டில் இருந்தது என்பது பத்து நிமிடத்தில் மறந்துவிடும். பிறகு எஸ்எம்பிஎஸ்ஸின் பின்பக்க சுவிட்சை அணைத்து, வயரைக் கழற்றி, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்து மிச்சமுள்ள மின்சாரத்தை வடியவிட்டு, கேபினெட்டின் வண்ணம் பூசாத இரும்பை ஒருமுறை தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். இனி ஒவ்வொரு தடவை எதையாவது கழற்றும்போதும் மாட்டும்போதும் இதே ஒழுங்குதான்.

3. பவர் வருகிறதா?

டிஸ்க்குக்குப் போகும் இரண்டு முனைகளில் அகலமானது, 15 தொடர்புகள் உள்ளது, பவர். குறுகலானது, 7 தொடர்புகள் உள்ளது, டேட்டா. பவர் முனையை ஒருமுறை கழற்றி, தொடர்புகளில் தூசியோ எறும்புக் கூட்டின் மண்ணோ இருந்தால் மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிட்டு, கோணாமல் முழுவதுமாக உட்காரும்படி மாட்டுங்கள்.

இப்போது கேபினெட்டின் பக்கப் பலகை திறந்திருக்க, கம்ப்யூட்டரை ஆன் செய்து, டிஸ்க்கின் பக்கவாட்டு இரும்பில் விரலை வையுங்கள். அடியில் பச்சையாகவோ நீலமாகவோ தெரியும் சர்க்யூட் போர்டில் விரல் படக் கூடாது. ஹார்ட் டிஸ்க் என்றால் சில விநாடிகளில் மெல்லிய சுழற்சி அதிர்வு ஏறிச்சென்று ஒரே சீராக நிற்க வேண்டும். பக்கத்திலேயே மின்விசிறி ஓடுவதால் காதை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். விரல்தான் சரியாகச் சொல்லும். எஸ்எஸ்டியில் சுழல்வது எதுவும் இல்லாததால் இந்தச் சோதனை அதற்கு உதவாது.

விரலுக்குத் தெரிவது மூன்றில் ஒன்றாக இருக்கும். சீராகச் சுழல்கிறது என்றால் பவர் பெரும்பாலும் சரி, நேரே அடுத்த படிக்குப் போங்கள். "டக், டக்" என்று ஒரே இடைவெளியில் தட்டுகிறது, அல்லது சுழன்று நின்று மறுபடி சுழல்கிறது என்றால் உடனே அணைத்துவிடுங்கள். பவர் போதாமையாலும் அப்படி ஆகும் என்பதால், வேறொரு பவர் முனையில் ஒரே ஒரு முறை மட்டும் மாட்டிப் பார்க்கலாம். அதிலும் தட்டினால் கோளாறு டிஸ்க்குக்குள் இருக்கிறது. திரும்பத் திரும்ப ஆன் செய்வது மிஞ்சியிருக்கும் தரவையும் கெடுக்கும்.

மூன்றாவது, அசைவே இல்லாதது. அப்போது சந்தேகத்துக்குரிய பவர் முனையை டிவிடி டிரைவில் மாட்டி, ஆன் செய்து, அதன் பட்டனை அழுத்துங்கள். தட்டு வெளியே வந்தால் அந்த முனையில் மின்சாரம் வருகிறது. போதுமான அளவு வருகிறதா என்பதை இது காட்டாது என்றாலும், செத்த முனையா உயிருள்ள முனையா என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். பிறகு டிவிடிக்கு ஓடிக்கொண்டிருந்த முனையை டிஸ்க்கில் மாட்டுங்கள். அதிலும் அசையவில்லை என்றால் டிஸ்க்கின் மோட்டாரோ சர்க்யூட் போர்டோ போயிருக்கிறது. கேபிளையும் போர்ட்டையும் மாற்றிப் பார்ப்பதால் பயனில்லை.

மல்டிமீட்டர் வைத்திருப்பவர்கள் எண்ணால் பார்த்துக்கொள்ளலாம். கறுப்பு வயர் பூமி, சிவப்பில் 4.75 முதல் 5.25 வோல்ட் வரையும், மஞ்சளில் 11.4 முதல் 12.6 வோல்ட் வரையும் இருக்க வேண்டும். 3.5 அங்குல ஹார்ட் டிஸ்க்கின் மோட்டாருக்கு 12 வோல்ட்டும் சர்க்யூட்டுக்கு 5 வோல்ட்டும் தேவை. ஆகவே மஞ்சள் வயரில் மட்டும் கோளாறு என்றால் 2.5 அங்குல எஸ்எஸ்டி ஓடும், ஹார்ட் டிஸ்க் ஓடாது. "எஸ்எஸ்டி ஓடுகிறதே, பவர் சரிதானே" என்ற வாதம் அதனால்தான் நிற்காது.

இந்தப் படியில் விழக்கூடிய குழிகள் இரண்டு. முதலாவது மிக ஆபத்தானது: சில எஸ்எம்பிஎஸ்களில் கேபிள்களைத் தனியே கழற்றி மாட்டலாம். வீட்டில் கிடக்கிற வேறொரு எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிள் அதே துளையில் பொருந்தினாலும் மாட்டிவிடாதீர்கள். டிஸ்க் பக்கத்து முனைக்குத்தான் பொதுவான வடிவம் உண்டு. எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனையில் எந்தத் துளையில் எந்த வோல்ட் என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போனால், நல்ல டிஸ்க்கும் அந்தக் கணமே எரிந்துபோகும். இரண்டாவது, பழைய நான்கு ஊசி மோலெக்ஸ் முனையிலிருந்து சாட்டாவுக்கு மாற்றித் தரும் மலிவான கன்வெர்ட்டர். வயர்களைச் சுற்றி முழுதும் பிளாஸ்டிக் வார்த்துச் செய்த வகை உள்ளே உரசிச் சூடாகித் தீப்பிடித்த நிகழ்வுகள் உண்டு. சோதித்துப் பார்க்க வைத்துக்கொள்ளலாம். நிரந்தரமாக விட வேண்டாம்.

எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கை அதன் உறையிலிருந்து பிரித்தெடுத்து உள்ளே மாட்டியவர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு: அப்படிப்பட்ட சில டிஸ்க்குகள், பவர் முனையின் மூன்றாம் தொடர்பில் 3.3 வோல்ட் வந்தால் சுழலவே சுழலாமல் இருக்கும்படி செய்யப்பட்டவை. அது பழுது அன்று.

மைத்துனரின் பழைய டிஸ்க், விரல் வைத்த ஐந்தாறு விநாடிகளில் ஒரே சீராகச் சுழன்றது. "போயிட்டு" என்று சொன்னவர் விரல் வைத்துப் பார்க்கவில்லை. முதல் ஞாயிற்றுக்கிழமை நானும்தான் வைக்கவில்லை.

4. டேட்டா கேபிள்

ஒரு தடவையில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கேபிளையும் போர்ட்டையும் சேர்த்து மாற்றி டிஸ்க் தெரிந்துவிட்டால், குற்றம் எதன் மேல் என்று கடைசிவரை தெரியாமல், பழுதான கேபிளைப் பத்திரமாக எடுத்து வைத்து அடுத்த வருடம் அதையே மறுபடி மாட்டுவோம்.

முதலில் பழைய கேபிளின் இரு முனைகளையும் டார்ச் அடித்துப் பாருங்கள். முனைக்குள் எல் வடிவப் பிளாஸ்டிக் நாக்கு ஒன்று பொருந்த வேண்டும். அது டிஸ்க்கின் பக்கத்தில் உடைந்திருக்கிறதா என்பதைக் கவனியுங்கள். சாட்டா முனைகள் ஆயிரம் தடவை கழற்றி மாட்டுவதற்காகச் செய்தவை அல்ல. மாட்டும்போது "கிளிக்" என்று பிடிக்கும் இரும்புப் பட்டை தளர்ந்துபோயிருந்தால், மின்விசிறியின் அதிர்வே போதும், முனை ஒரு நூல் வெளியே வந்துவிடும். கேபினெட்டின் பக்கப் பலகையை மூடும்போது அது கேபிளை அமுக்கி மடக்குகிறதா என்பதையும் பாருங்கள். திறந்திருக்கும்போது தெரிந்து, மூடியதும் காணாமற் போகும் டிஸ்க்குகளுக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

பிறகு புதுக் கேபிளை அதே டிஸ்க்குக்கும் அதே போர்ட்டுக்கும் இடையே மாட்டி பயாஸைப் பாருங்கள். தெரிந்தால் பழைய கேபிளைக் கத்தரித்துக் குப்பையில் போடுங்கள். டிஸ்க் சில நாள் தெரிந்து சில நாள் தெரியாமல் இருந்தது என்றால், தெரிகிற நாளில் CrystalDiskInfo போன்ற ஒரு மென்பொருளில் C7 என்ற வரிசையைக் குறித்துக்கொள்ளுங்கள். லினக்ஸ் என்றால், sda என்ற இடத்தில் உங்கள் டிஸ்க்கின் பெயரை இட்டால் அதே எண்ணிக்கை இப்படிக் கிடைக்கும்:

```
sudo smartctl -A /dev/sda | grep -i crc
```

டிஸ்க்குக்கும் போர்டுக்கும் இடையிலான பாதையில் தரவு சிதைந்த தடவைகளை அது எண்ணி வைத்திருக்கிறது. பழைய எண்ணிக்கை ஒருபோதும் பூஜ்யத்துக்குத் திரும்பாது. கேபிளை மாற்றிய பின் அது மேலும் ஏறுகிறதா நிற்கிறதா என்பதே செய்தி. ஏறாமல் நின்றுவிட்டால் கேபிள்தான் குற்றவாளி.

எங்கள் விஷயத்தில் 80 ரூபாய்க் கேபிளை மாட்டியும், டிஸ்க் இருந்த ஐந்தாம் போர்ட்டுக்கு நேரே Not Present என்றே இருந்தது.

5. போர்ட்

இப்போது டிஸ்க்குப் பக்கத்து முனையைத் தொடாமல், மதர்போர்டுப் பக்கத்து முனையை மட்டும் வேறு போர்ட்டுக்கு மாற்றுங்கள். டிவிடி டிரைவ் தெரிந்துகொண்டிருந்த போர்ட் இதற்குச் சிறந்தது. போர்டில் SATA1, SATA2 என்று பொடி எழுத்தில் எழுதியிருக்கும். சிலவற்றில் எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்கும்.

நான் டிவிடி டிரைவ் இருந்த இரண்டாம் போர்ட்டில் மாட்டி ஆன் செய்தேன். மாடல் பெயரோடு டிஸ்க் வந்து நின்றது. அப்படியானால் ஐந்தாம் போர்ட் பழுதா? இல்லை. பழுது என்று முடிவு செய்யுமுன் மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும்.

ஒன்று, பயாஸின் அதே பக்கத்தில் ஒவ்வொரு போர்ட்டையும் தனித்தனியே Enabled, Disabled என்று வைக்கும் வசதி பல போர்டுகளில் உண்டு. இரண்டு, போர்டில் உள்ள CR2032 பட்டன் பேட்டரி தீர்ந்துபோயிருந்தால், வயரைக் கழற்றும் ஒவ்வொரு தடவையும் பயாஸ் அமைப்புகள் ஆரம்ப நிலைக்குத் திரும்பிவிடலாம். தேதி தவறாகக் காட்டுவது அதன் அடையாளம். மூன்றாவது, எங்களைப் பிடித்த கண்ணி: எம்.2 துளையும் சில சாட்டா போர்ட்டுகளும் போர்டுக்குள் ஒரே பாதையைப் பகிர்ந்துகொள்வது. அந்தத் துளையில் ஒன்றைச் செருகியதும், அதோடு பங்குபோட்டிருந்த போர்ட் எந்த அறிவிப்பும் இல்லாமல் அணைந்துவிடும். எந்தத் துளை எந்தப் போர்ட்டை அணைக்கும், சாட்டா வகை எம்.2 போட்டால் மட்டுமா என்விஎம்இ வகைக்குமா என்பதெல்லாம் போர்டுக்குப் போர்டு மாறும். கையேட்டைத் தவிர வேறு யார் சொல்வதையும் இதில் நம்ப வேண்டாம். எம்.2 கார்டின் ஊசிப் பக்கத்தில் இரண்டு வெட்டுகள் இருந்தால் அது பெரும்பாலும் சாட்டா வகை, ஒரே வெட்டு என்றால் பெரும்பாலும் என்விஎம்இ.

மைத்துனருடைய போர்டின் கையேட்டில், எம்.2 துளையின் படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி: சாட்டா வகை எம்.2 செருகினால் ஐந்தாம் போர்ட் வேலை செய்யாது. உறுதி செய்துகொள்ள எஸ்எஸ்டியைக் கழற்றிவிட்டு, டிஸ்க்கை மறுபடி ஐந்தாம் போர்ட்டில் மாட்டிப் பார்த்தேன். விண்டோஸ் கிளம்பவில்லை, கிளம்பவும் முடியாது. ஆனால் பயாஸில் டிஸ்க் தெரிந்தது. எஸ்எஸ்டியை மாட்டியதும் மறைந்தது.

6. செலவும் நேரமும், எப்போது நிறுத்துவது என்பதும்

மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் நிதானமாகச் செய்தால் ஒன்றரை மணி நேரம் ஆகும். செலவு கேபிளோடு முடிந்துவிடும். வேலை செய்யும் முனை, கேபிள், போர்ட் மூன்றிலும் டிஸ்க் தெரியவில்லை என்றால், கடைசியாக அதை வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டிப் பாருங்கள். யூஎஸ்பி கன்வெர்ட்டரில் பார்ப்பதானால், 3.5 அங்குல டிஸ்க்குக்குத் தனி 12 வோல்ட் அடாப்டர் உள்ளதாக இருக்க வேண்டும். யூஎஸ்பி வயரின் மின்சாரத்தில் அது சுழலாது. அங்கும் தெரியாவிட்டால்தான் டிஸ்க் போய்விட்டது என்று சொல்லலாம்.

அப்போது டிஸ்க்கின் மேல் ஒட்டியிருக்கும் சீரியல் எண்ணைப் போட்டோ எடுத்து, தயாரிப்பாளரின் தளத்தில் வாரண்டிக் காலம் மிச்சமிருக்கிறதா என்று பாருங்கள். வாரண்டியில் வேறு டிஸ்க் தருவார்கள், உள்ளே இருந்த தரவைத் தர மாட்டார்கள். கொடுத்த பழையது திரும்பியும் வராது. தரவு முக்கியம் என்றால் முதலில் மீட்பவரிடம் காட்டிவிட்டு, பிறகு வாரண்டிக்குப் போங்கள். அவர் கட்டணத்தைத் தரவு கிடைத்தால் மட்டுமா, பார்த்ததற்கே வாங்குவாரா என்று முன்கூட்டியே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் டிஸ்க்கை இரண்டாம் போர்ட்டிலேயே விட்டோம். பிரித்துவிட்டதால் திருப்ப முடியாத புது டிஸ்க்கை மூன்றாம் போர்ட்டில் மாட்டி, பத்திரிகை, நோட்டீஸ், பேனர் எல்லாவற்றையும் அதற்கு நகல் எடுக்க ஏறக்குறைய மூன்று மணி நேரம் பிடித்தது. அதற்குள் மைத்துனர் ஜெராக்ஸ் தாளில் ஒரு துண்டு கிழித்து, "5இல் எதையும் மாட்டாதே" என்று எழுதிக் கேபினெட்டின் உட்பக்கம் ஒட்டிவிட்டார்.